தொடையில் அப்பிய மாவு

எண்ணெய் கையில் மட்டும்தான் பட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பச்சைப் பொய்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கேண்டீனில் நான் சமையல்காரி. அன்று வடை போட்டு முடித்து, கொதிக்கிற சட்டியை அவசரமாக இறக்கினேன். பிடிதுணி வழுக்கிவிட்டது. எண்ணெய் தளும்பி வலது முன்கையிலும், புடவையோடு சேர்த்துத் தொடையிலும் கொட்டியது.

கூட வேலை பார்க்கும் பெண் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். என் வளையலைக் கழற்றி, கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடித்துவைத்து, சுத்தமான துணியால் மூடினாள். தொடை தீயாய் எரிந்தது. ஆனால் டீக்கு வந்த ஆம்பளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் புடவையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றச் சொல்வேனா? ஒரு கிண்ணம் இட்லி மாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, தொடையில் அப்பிக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. பாழாய்ப்போன அந்த ஜில்லுதான் என்னை ஏமாற்றியது.

இன்சூரன்ஸுக்குப் போன அறிக்கையில் மேனேஜர் கையை மட்டும் எழுதினார். நானும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாளில் குளிர்காய்ச்சல் வந்து, தொடையில் சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காய்ந்த மாவைக் கழுவி எடுத்துக்கொண்டே கத்தினார். "புண்ணுல மாவை அப்புவாங்களாம்மா? ஒரு மாசம் அடுப்புகிட்டயே போகக் கூடாது."

ஒரு மாதச் சம்பளம் இல்லாமல் என் வீடு தாங்காது. கைக் காயத்துக்கு மட்டும் இன்சூரன்ஸில் ஒரு மாதச் சம்பளம் தரப்போவதில்லை. கூட வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைத் துணைக்கு அழைத்து, காலை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். என் மகன் வயசுப் பிள்ளை அவர். தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"தொடையிலயும் பட்டுச்சு சார்."

அவர் திட்டவில்லை. இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டார். விட்டுப்போன காயத்தை எழுதி அறிக்கையைத் திருத்தி, போட்டோ, டாக்டர் சீட்டு, முதலுதவி விவரம் எல்லாம் சேர்த்து அனுப்பினால் பார்க்கிறோம் என்றார்கள்.

"கைக்குத் தண்ணி ஊத்துனது இருக்கு. தொடைக்கு என்னக்கா செஞ்சீங்க?"

"மாவு பூசுனேன் சார்."

"யாரு பூசச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானேதான்."

அவர் பேனா நின்றது. பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதினார். தன் போனை என்னோடு வந்த பெண்ணிடம் கொடுத்து, "நீங்க போட்டோ எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நல்ல பிள்ளை, எனக்குக் கூச்சம் வேண்டாமென்றுதான்.

அந்தச் சுவரில் என் படம் மாட்டியிருந்தது. கேண்டீன் முதலுதவியாளர் என்று எழுதி, பயிற்சியில் நான் ஒருத்தியின் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். புடவையை விலக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.