ஷூவைக் காட்டாத மூன்று டீசர்கள்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று சொல்லாதவர்கள் எங்கள் கம்பெனியில் இல்லை. அந்த மூன்று டீசர்களையும் எழுத வைத்ததே அந்தக் கோபம்தான், அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பென்னலூர் பக்கம் ஒரு சின்ன ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. விரல்களுக்கு மேல் இரும்பு மூடி வைத்த கறுப்பு ஷூவைச் செய்து சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்குத் தருகிறோம். அதற்கு முன் ஒரகடத்தில் கார் உதிரிபாக லைனில் நான்கு வருடம் நின்றேன். ஆண்கள் காலுக்கான அச்சில் செய்த ஷூவைத்தான் எங்களுக்கும் தருவார்கள். சின்ன சைஸ் கேட்டால் நீளம் குறையும், குதிகால் அகலம் குறையவே குறையாது. அதனால் பெண்கள் எல்லோரும் சாக்ஸ் மேல் சாக்ஸ் போடுவோம். எட்டு மணி நேரம் கால் அவிந்துபோகும். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை, குறை எங்கள் காலில்தான் என்று நானே நினைத்திருந்தேன்.

இந்தக் கம்பெனிக்கு வந்ததும் ஒரு வருடம் முதலாளியை நச்சரித்து, பெண்கள் கால் அளவுக்குத் தனி அச்சு செய்ய வைத்தேன். அச்சு வந்தது, ஷூவும் நன்றாக வந்தது. கூடவே அவருக்குப் பயமும் வந்துவிட்டது. வெளியீட்டு நாளில் நான்கு கம்பெனியாவது தேடி வராவிட்டால் அச்சை அலமாரியில் ஏற்றிவிடுவேன் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் சொன்னால் செய்துவிடுகிறவர்.

வெளியீட்டுக்கு முன் ஆவலைத் தூண்ட டீசர் என்று மூன்று குட்டி வீடியோ போடுவதாக ஏற்பாடு. ஒரு விளம்பரக் கம்பெனி ஸ்கிரிப்ட் அனுப்பியது. இருட்டு, புகை, இரும்பு உரசும் சத்தம், கடைசியில் ஒரு கரகரப்பான குரல் ‘புயல் வருகிறது’ என்கிறது. மூன்று பாகத்திலும் இதே புயல்தான். யாருக்கு வருகிறது, எதற்கு வருகிறது, ஒன்றும் கிடையாது. இதைவிட நானே நன்றாக எழுதுவேன் என்று முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் தாளை என் பக்கம் தள்ளி, “எழுதுங்க” என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தாளின் நடுவே கோடு போட்டு, கண்ணுக்குத் தெரிவதை இடப்பக்கமும் காதுக்குக் கேட்பதை வலப்பக்கமும் எழுதினேன். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போன் பார்ப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கேட்பது எல்லாமே திரையில் எழுத்தாகவும் வர வேண்டும் என்று கீழே குறித்தேன். ஒவ்வொன்றும் இருபது நொடி. ஒரு பாகம் ஒரே ஒரு கேள்வி கேட்கும். அடுத்த பாகம் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று கேட்கும். கடைசிக் கேள்விக்கு வெளியீட்டு நாளில்தான் பதில். ஷூ எங்கேயும் தெரியக் கூடாது.

நடிக்க என் வீட்டுக்கார அக்காவைப் பிடித்தேன். சேரப்பணஞ்சேரிக்காரர், அவர்கள் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன். அவரும் ஒரகடத்தில் லைன் வேலைதான். என்ன பொருள் வரப்போகிறது என்று அவரிடம்கூட நான் சொல்லவில்லை.

முதல் பாகத்தில் அக்கா வாசலில் உட்கார்ந்து சாக்ஸ் போடுகிறார். அதே காலில் இன்னொரு சாக்ஸ் போடுகிறார். ‘ஏன் ரெண்டு?’ என்று எழுத்து வருகிறது, பிறகு தேதி, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் விட்ட அன்றே அது பெண்கள் குழுக்களில் சிரிப்புப் பொம்மைகளோடு சுற்றியது. ஆண்களுக்கு விளங்கவில்லை. அக்காவின் சூப்பர்வைசர் கேன்டீனில் வந்து எதற்கு இரண்டு என்று கேட்டாராம்.

“இன்னா சார், ஏழு வருசமா ஒரே லைன்ல கீறோம், இப்பதான் கண்ணுல பட்டுதா?” என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது பாகத்தில் அக்கா மாடிப்படி ஏறுகிறார். முகமும் கைப்பிடியைப் பற்றிய கையும் மட்டும் தெரியும். ஒவ்வொரு படிக்கும் தொளதொள ஷூவில் குதிகால் கழன்று அடிக்கிற சத்தம், திரையில் ‘டொக், டொக்’. இரண்டு சாக்ஸ் ஏன் என்பதற்குப் பதில் அது. பிறகு அடுத்த கேள்வி: ‘குறை காலிலயா?’

மூன்றாவதைப் படம் பிடிக்க இரண்டு நாள் இருந்தது. அன்று காலை முதலாளி ஆசை தாங்காமல், புது ஷூவை மேஜையில் வைத்து விளக்குப் போட்டுப் படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். நான் பார்ப்பதற்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது.

“பந்தி விரிக்கிறதுக்கு முன்னாடியே பாயசத்தை ஊத்திட்டீங்களே சார்” என்றேன். அவர் உடனே அழித்தார், ஆனால் அழித்து என்ன பயன்? தோல் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு வருடம் கெஞ்சி வாங்கிய அச்சு அலமாரி ஏறப்போகிறது என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் அக்கா தானாகவே வந்து அந்தப் படத்தைக் காட்டினார். “உங்க மொதலாளி போட்டது இதானே? எப்பவும் போடற ஷூதானே இது, இதுல இன்னா கீது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தில் இருந்தது ஒரு கறுப்பு ஷூ. எங்கள் ரகசியம் அதன் குதிகாலுக்குள் இருந்தது, அதை எந்த விளக்குப் போட்டாலும் படம் பிடிக்க முடியாது. முதலாளி கொட்டியதாக நான் நினைத்த பாயசம் பாத்திரத்திலேயே இருந்தது.

அன்றே மூன்றாவது ஸ்கிரிப்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதலாளி எடுத்த ஷூ படத்தோடுதான் அது தொடங்கும். ‘பாத்தாச்சு, சாதா ஷூதான்னு நெனச்சீங்க’ என்று எழுத்து வரும். அடுத்து அதே மாடிப்படி. அக்கா ஒரு சாக்ஸைக் கழற்றிக் கேமராவை நோக்கி வீசுகிறார். பிறகு ஏறுகிறார், முன்போலவே முகமும் கையும் மட்டும் தெரிகின்றன, ஆனால் கை கைப்பிடியைத் தொடவில்லை, டொக் சத்தமும் இல்லை. ‘எப்படி?’ கீழே தேதியும் எங்கள் கம்பெனி இருக்கும் இடமும்.

படம் பிடிக்கும்போதுதான் அக்கா அந்த ஷூவை முதல்முறையாகப் போட்டார். ஏறினார், இறங்கினார், நான் கட் சொன்ன பிறகும் மறுபடி ஏறினார். அவர் முகத்தில் வந்தது நான் எழுதியதல்ல, அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

வெளியீட்டு நாள் சனிக்கிழமை. முற்பகலில் எங்கள் முற்றத்தில் ஷெட் போட்டு, அளவு பார்க்க நாற்காலிகள் வைத்திருந்தோம். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்பு அதிகாரி கையில் ஒரு தாளோடு வந்தார். லைன் பெண்களே ஆளுக்கு ஆள் கால் அளவை எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டார்களாம், வராமல் இருக்க முடியவில்லை என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவரிடமும் ஒரு தாள். நான்காவது ஆள் வந்தபோது முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு நான் எண்ணவில்லை, பெருமையில் எனக்கு எண்ணிக்கையே மறந்துவிட்டது.

மதியம் ஷிப்ட் முடிந்து பெண்களும் வேனில் வந்து இறங்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைப் போட்டுப் பார்க்க மேல் சாக்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். நடந்து பார்த்தார்கள். போகும்போது ஒருத்திகூட அந்தச் சாக்ஸைத் திரும்ப எடுக்கவில்லை. சாயங்காலம் மேஜை மேல் சாக்ஸ் ஒரு குவியலாகக் கிடந்தது, நாற்றம் வேறு.

முதலாளி அந்தக் குவியலைப் போனில் படம் எடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தயங்கியபடி, போடலாமா என்று கேட்டார்.

“இப்ப போடுங்க சார்” என்றேன்.