நான்காவது வரியில் அம்மா சேர்த்தது
அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இருந்தேன், மனைவி இருந்தாள், அம்மா இருந்தார். இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை: என் மனைவியின் அண்ணன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் பத்து வருடமாக இருப்பவர். டுரியான் சீசன் என்பதால் அலுவலக நண்பர்களோடு பாலிக் புலாவுக்குப் போயிருந்தார். ரெசுமே விஷயம் தெரிந்த ஒரே ஆள் தோட்டத்தில் பழம் தின்றுகொண்டிருக்க, தெரியாத மூவர் உட்கார்ந்து ரெசுமே எழுதினோம்.

நான் அப்போது சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் எஞ்சினியர். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மனைவி பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் மகளுக்கு இரண்டு வயது. ‘அப்பா எங்கே’ என்று யாராவது கேட்டால் அவள் கைப்பேசியைக் காட்டுவாள். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் திரையில் சிரிப்பேன். அதன் பிறகுதான் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று வேலை தேட ஆரம்பித்தேன். போனால் மேனேஜர் பதவிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக் கடனுக்குச் சம்பளம் போதாது.

வேலைக்கு ஆள் தேடித் தரும் ஒரு பெண்மணி வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருந்தார். பாயான் லெப்பாஸில் டெஸ்ட் பிரிவுக்கு மேனேஜர் தேடுகிறார்கள். என் ரெசுமே சரிதான், ஆனால் தலைப்பகுதியில் என்னைப் பற்றிய சுருக்கம் இல்லை. ‘நாலு வரி போதும். அவங்க அதைப் படிச்சிட்டுத்தான் மிச்சத்தைப் படிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க’ என்றார். திங்கள் காலைக்குள் வேண்டும்.

சனிக்கிழமை இரவு ஊருக்கு வரும் பஸ்ஸிலேயே எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதற்குத் தமிழில் பொருள் இதுதான்: கடின உழைப்பாளி, நேரம் தவறாதவன், கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவன், கொடுக்கும் எந்த வேலையையும் பொறுப்புடன் செய்பவன். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ரெசுமே எப்படி எழுதுவது என்று இடைநிலைப் பள்ளியில் ஒருமுறை சொல்லிக் கொடுத்தார்கள். அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

மனைவி படித்தாள். கட்டுரை திருத்துகிற முகம் வந்தது.

“பதினெட்டு வயசுப் பையன் பெட்ரோல் ஸ்டேசன் வேலைக்கு எழுதினா நான் நூத்துக்கு எண்பது போடுவேன்,” என்றாள்.

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. நேரம் தவறாதவன் என்பதை மட்டும் எடுக்கக் கூடாது என்றார். அது பொய்யில்லையே என்று எனக்காக வாதாடினார்.

அங்கே உருப்படியாக என்னதான் செய்தீர்கள் என்று மனைவி கேட்டாள். கார்களில் போடும் சிப் ஒன்றைச் சோதிக்க எடுக்கும் நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம், அதனால் கம்பெனி புதிதாக இரண்டு டெஸ்ட் இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது நின்றுபோனது என்றேன்.

“குறைத்தோம்னா யாரு?”

“டீம். ஆறு பேர்.”

“டீமுக்கு யாரு தலை?”

“நான்தான். ஆனா நான் மட்டும் செய்யலையே.”

“மேனேஜர்னா அதுதானே லா. எழுதுங்க.”

எழுதக் கை வரவில்லை. ‘தலைமையேற்று’ என்று தட்டினேன், அழித்தேன், ‘உதவி செய்து’ என்று தட்டினேன். அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதல் வரியில் ஒன்பது வருட அனுபவம், எந்தத் துறை என்பது. இரண்டாவதில் ஆறு பேர் குழுவுக்குத் தலைமை, குறைத்த நேரம், மிச்சமான இயந்திரங்கள். மூன்றாவதில் பினாங்குக்காரன், மலேசியக் குடிமகன், நிரந்தரமாகத் திரும்புகிறவன், டெஸ்ட் பிரிவின் மேனேஜர் பொறுப்பைத் தேடுகிறவன். படித்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு நல்ல எஞ்சினியரைப் பற்றி எழுதியது போல இருந்தது.

“எப்ப வருவேன்னு போட்டியாப்பா?” என்று அம்மா கேட்டார்.

மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றேன். அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். அவர் இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்தவர். கிலாங் என்று அவர் சொல்லும் அந்தத் தொழிற்சாலையின் வாசலில் வரிசையில் நின்று வேலை வாங்கியவர்.

“வாசல்ல ஆள் எடுக்கிறவன் எப்ப வரேன்னு கேப்பான். அடுத்த வாரம்னு சொன்னவள வீட்டுக்கு அனுப்பிட்டான். நாளைக்கேன்னு சொன்னேன், எனக்கு பேட்ஜ் குடுத்தான். மூணு மாசம்னா எவன்ப்பா காத்திருப்பான்? உடனேன்னு போடு.”

மனைவி தயங்கினாள். நானும்தான். ஆனால் ஒப்பந்தத்தில், மிச்ச நாளுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டால் முன்னாலேயே போகலாம் என்று ஒரு விதி உண்டு. ஆகவே அது பொய்யாகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போடவில்லை. நான்காவது வரியாக ‘உடனடியாகச் சேரத் தயார்’ என்று போட்டு அனுப்பினோம்.

சாயங்காலம் மச்சான் இரண்டு கூடை டுரியானோடு வந்தார். கைப்பேசியில் படிக்கக் கொடுத்தேன். ஒரு சுளையைக் கடித்துக்கொண்டே முதல் மூன்று வரிக்கும் தலையாட்டினார். யார் எழுதியது என்று கேட்டார், நான் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. நான்காவது வரியில் மெல்லுவதை நிறுத்தினார்.

“மச்சான், இது ஆபரேட்டர் வேலை இல்ல லா. மேனேஜருக்கு மூணு மாசம் எல்லாரும் காத்திருப்பாங்க. உடனேன்னா, என்ன, அங்க துரத்திட்டாங்களான்னு நினைப்பாங்க.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

திங்கள் காலை அந்தப் பெண்மணிக்குத் திருத்தி எழுதினேன். ரெசுமே ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்விட்டது என்றார். யாரும் என்னைத் துரத்தியதாக நினைக்கவில்லை. நடந்தது வேறு. அங்கே இருந்த மேனேஜர் திடீரென்று விலகுகிறாராம். வந்த மூன்று ரெசுமேயில் ‘உடனடியாக’ என்றிருந்தது என்னுடையதில் மட்டும்தான். அந்த வரிக்காகத்தான் நேர்காணலுக்கே கூப்பிடுகிறார்கள் என்றார்.

நேர்காணலில் உண்மையைச் சொன்னேன். மூன்று மாதம் ஒப்பந்தம், ஆனால் பணம் கட்டி விலகலாம். எதிரில் இருந்தவர் தலையசைத்துவிட்டுச் சோதனை நேரத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். ‘நாங்கள்’ என்று ஆரம்பித்து இரண்டு தடவை ‘நான்’ என்று திருத்திக்கொண்டேன். பத்து நாளில் வேலை உறுதியானது. ஒரே நிபந்தனை: ஒரு மாதத்தில் வந்து சேர வேண்டும்.

அந்தப் பணத்தைப் புதிய கம்பெனியையே கட்டச் சொல்லலாம், பல இடத்தில் கட்டுவார்கள் என்று மச்சான் சொல்லிக் கொடுத்தார். கேட்டேன். நோட்டீஸ் காலத்தை முதலிலேயே போட்டிருந்தால் அதற்கும் சேர்த்து அனுமதி வாங்கியிருப்போம், உடனடியாக என்று இருந்ததால் அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, இனி மேலிடத்தில் கேட்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

விட்டுவிடலாமா என்று மனைவியைக் கேட்டேன். அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்போது மகள் கைப்பேசித் திரையில் என் மூக்கை நக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு அதோடு முடிந்தது. தான் சொல்லிப் போட்ட வரி, பாதியைத் தானே கட்டுவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். அந்த வரி இல்லையென்றால் நேர்காணலே இல்லை என்று மச்சான் சமாதானம் சொன்னார். “அப்ப பாதிய நீ கட்டு,” என்றார் அம்மா. மச்சான் அவசரமாக டுரியானைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

குறைவது இரண்டு மாதம். பதினான்காயிரம் சிங்கப்பூர் வெள்ளி. எடுக்காமல் வைத்திருந்த பத்து நாள் விடுப்பை அதில் கழிக்க என் பழைய மேலாளர் ஒத்துக்கொண்டார். மிச்சத்தை மனைவியின் சேமிப்பு, என் சேமிப்பு, அம்மா விடாப்பிடியாக வைத்த உறை எல்லாம் சேர்த்துக் கட்டினோம். அந்த நான்காவது வரிக்கு நாங்கள் கட்டியது, நம் மலேசியக் காசில் முப்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தொரு வெள்ளி.