இல்லாத பெரியம்மாவின் கால் எரிச்சல்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க, பட்டா நகல் எடுக்க, வேலைக்கு விண்ணப்பம் போட வருவார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் தமிழ் டைப்பிங் வேகமாக வரும், எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் கடைக்கார அண்ணன் என்னை வைத்துக்கொண்டார்.

போன வருஷம் அவர் ஒரு இணையப் பக்கம் ஆரம்பித்தார். உடம்பு சம்பந்தமான கட்டுரைகள். காலையில் வந்ததும், கேட்டதை எழுதித் தரும் ஏ.ஐ. மிஷினிடம் தலைப்பைக் கொடுப்பார். 'மூட்டு வலிக்கு எளிய தீர்வுகள்', 'நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது' இந்த மாதிரி. டீ குடிப்பதற்குள் நாலு கட்டுரை வந்துவிடும். நான் படித்துப் பிழை திருத்தி, படம் வைத்து, ஏற்றிவிட வேண்டும்.

எனக்கு எதையும் சும்மா படிக்க வராது. பயந்த சுபாவம். தலைசுற்றலைப் பற்றி ஏற்றிய அன்று தலை சுற்றும், கிட்னியைப் பற்றி ஏற்றிய அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் படபடப்பைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எனக்கு இருப்பதுதான். சரி, என்ன செய்யச் சொல்கிறது என்று மூன்று தடவை படித்தேன். 'போதுமான அளவு தண்ணீர் குடியுங்கள். போதுமான ஓய்வு எடுங்கள். அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவரை அணுகவும்.'

"போதுமான அளவுன்னா எவ்வளவுண்ணே?" என்று கேட்டேன்.

"அது அவங்கவங்க உடம்பைப் பொறுத்தது."

"தொடர்ந்தால்னா எத்தனை நாளு?"

"ஏம்மா, உனக்குப் படபடப்பு வரதுக்குக் காரணமே இந்த மாதிரி கேள்வி கேக்குறதுதான்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. முடி கொட்டுவதற்கும் நெஞ்சு வலிக்கும் கடைசியில் ஒரே வரிதான் இருந்தது: 'இது பொதுவான தகவல் மட்டுமே.' சளிக்குச் சொன்ன அதே தைரியத்தோடு பக்கவாதத்துக்கும் சொன்னது. யாருக்கு வந்தது, எந்த ஊரில், என்ன சாப்பிட்டு, எத்தனையாவது நாள் குறைந்தது, ஒன்றும் இருக்காது. எங்கள் தெருவில் ஒருத்தருக்கு வயிற்றுவலி என்றால்கூட, கத்திரிக்காய் சாப்பிட்டதிலிருந்து ஆரம்பித்துத்தான் சொல்வார்கள்.

கொஞ்ச நாளில் படிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். அண்ணன் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார்.

"அனுபவம் வேணுமாம். சொந்தமாப் பட்டு எழுதுன மாதிரி இருந்தாத்தான் நெட்டுல தேடும்போது மேல காட்டுமாம்."

மிஷினிடமே அனுபவம் சேர்த்து எழுதச் சொன்னார். உடனே எழுதியது. 'என் இருபது ஆண்டு கால அனுபவத்தில் பல நோயாளிகளைச் சந்தித்திருக்கிறேன்.' இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பட்டிமன்றத்துல பேசுற மாதிரி இருக்கு" என்றேன்.

"அப்ப நீ சேரு. நம்மூரு பேச்சுல ரெண்டு வரி. எங்க வூட்டுல இப்படித்தான் ஆச்சுன்னு."

சேர்த்தேன். அதை ஒளித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதல் நாளே நன்றாக வந்துவிட்டது. 'எங்க சின்ன மாமனாருக்கு இப்படித்தான் இருமல், எதிர்வூட்டுக்காரங்க தூங்க முடியாம சண்டைக்கே வந்துட்டாங்க' என்று எழுதினேன். அண்ணன் சத்தமாகப் படித்துவிட்டு, "ஆளு பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்மா" என்றார். நான் எழுதியதை ஒருத்தர் நன்றாயிருக்கிறது என்று சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. அதன்பிறகு தினமும் எழுதினேன். இல்லாத மாமனார், இல்லாத சித்தி, இல்லாத பக்கத்து வீட்டுக்காரி. என் வரியில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, கட்டுரைதான் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் அக்காவை செந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. மானாவாரி நிலமும் கொஞ்சம் முந்திரியும். அவளுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். மாத்திரை போடுவாள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும் என்பாள். போன பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

"கால் எரிச்சல் எவ்வளவோ தேவலாம்டி. எங்க மகளிர் குழு வாட்ஸப்புல ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாங்க. எட்டு நாளா அதுபடிதான் செய்யுறேன்."

"என்ன கட்டுரை?"

"இரு, படிக்கிறேன். 'மிதமான சூடுள்ள நீரில் போதுமான அளவு கல் உப்பு சேர்த்துச் சிறிது நேரம் கால்களை ஊற வைப்பது சிறந்த பலனைத் தரும். நீரிழிவு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.' இதுகூட ஒண்ணும் இல்ல. கீழ ஒரு பொம்பளை எழுதியிருக்கா பாரு, நம்ம பக்கத்து ஆளாட்டம் இருக்கு. 'எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான், ராத்திரியானா கால்ல மொளகா அரைச்சுத் தடவுன மாதிரி எரியும்பாங்க. பத்து நாளு விடாம வச்சாங்க, இப்ப சந்தைக்கு நடந்தே போயிட்டு வராங்க.' அதைப் படிச்சுட்டுத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு."

எங்களுக்குப் பெரியம்மாவே கிடையாது. அம்மாதான் வீட்டுக்கு மூத்தவள். அந்த வரி நான் எழுதியது. கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. தோலு மட்டும் லேசா உப்பியிருக்குன்னு பையன் சொன்னான். வலியெல்லாம் இல்ல."

வலி இல்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது, சர்க்கரையில் கால் மரத்துப்போனால் புண் வந்தாலும் தெரியாது என்று ஒரு கட்டுரையில் நானே ஏற்றியிருக்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், பஸ்ஸை முந்தவிடவில்லை. அரியலூரில் இறங்கிச் செந்துறை பஸ் பிடித்தேன். அக்கா வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கால் எரிச்சலுக்கா இவ்வளவு தூரம்? நீ ஒரு பயந்தாங்கொள்ளி."

காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் சுண்டுவிரல் அடியில் தோல் வெள்ளையாக வெந்து, கொப்புளம் உடைந்து, ஓரம் கறுத்திருந்தது. நான் விரலால் தொட்டேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டதே தெரியவில்லை.

"கவனமா இருக்கணும்னு போட்டிருந்துச்சே அக்கா."

"கவனமாத்தான் இருந்தேன். டப்புல காலை வச்சுட்டு எந்திரிக்கும்போது வழுக்கிடக் கூடாதுன்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பேன்."

 கட்டுரை கவனமாக இருக்கச் சொன்னது, எதில் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த கவனத்தை அவள் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். காயம் கட்டும் இடத்தில் இருந்த நர்ஸம்மா காலைப் பார்த்ததும் கேட்க ஆரம்பித்தார்கள்.

"தண்ணி எவ்வளவு சூடு?"

"கால் தாங்குற சூடுங்க."

"கால்தான் எல்லாத்தையும் தாங்குமே, அதுல உணர்ச்சியே இல்லியே. கையை விட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"எத்தனை நிமிஷம்?"

"சீரியல் முடியுற வரைக்கும்."

"அரை மணி நேரமா? எத்தனை நாளு? முள்ளு ஏதாச்சும் குத்துச்சா? செருப்பு போட்டு நடப்பீங்களா? கடைசியா சர்க்கரை எப்பப் பாத்தீங்க?"

ஒவ்வொன்றும் எண்ணிக்கையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எழுதிக்கொண்டே சொன்னார்கள். "சர்க்கரைக்காரங்க காலை ஊறவே வைக்கக் கூடாது. கழுவணும்னா சூடு இல்லாத தண்ணி. உடனே தொடைச்சு, விரல் இடுக்குல ஈரம் இல்லாம வச்சுக்கணும். தினம் அடிப்பாதத்தைக் கண்ணாடி வச்சுப் பாக்கணும். யாரு ஊற வைக்கச் சொன்னா?"

"செல்லுல வந்துச்சுங்க" என்றாள் அக்கா. நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படிப்பது போல நின்றேன்.

டாக்டர் செத்த தோலை வெட்டி எடுத்தார். விரல் நிற்குமா, வெட்டி எடுக்க வேண்டியிருக்குமா என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

மறுநாள் கடைக்குப் போனதும் அந்தக் கட்டுரையை எடுக்கச் சொன்னேன்.

"கீழதான் எச்சரிக்கை போட்டிருக்கேம்மா" என்றார் அண்ணன்.

நான் மிஷினைத் திறந்து, சர்க்கரை உள்ளவர் எத்தனை நிமிஷம் காலை ஊற வைக்கலாம் என்று அடித்தேன். பத்து முதல் பதினைந்து நிமிடம் என்றது. வேறு பக்கம் திறந்து அதே கேள்வியைக் கேட்டேன். இருபது நிமிடம் என்றது, கூடவே மருத்துவரை அணுகச் சொன்னது. மூன்றாவது தடவை, ஊற வைப்பதைத் தவிர்ப்பது நல்லது என்றது. மூன்றையும் ஒரே குரலில்தான் சொன்னது. இது உன் அனுபவமா என்று கேட்டேன். எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது, மன்னிக்கவும் என்று வந்தது.

"பாரு, கேட்டா உண்மையச் சொல்லிடுது" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. நாமதான் சொல்லல."

அவர் அந்தக் கட்டுரையை இன்னொரு தடவை படித்துவிட்டு, எடுத்துடு என்றார். எடுத்தேன். நான் எழுதிய எல்லா வரிகளையும் தேடித் தேடி எடுத்தேன், இரண்டு நாள் ஆனது. ஆனால் வாட்ஸப்பில் போனதை என்ன செய்வது. வேப்பந்தட்டையிலிருந்து விண்ணப்பம் போட வந்த ஒரு அம்மா, தன் போனில் அதே கட்டுரையை வைத்திருந்தார்கள், பெரியம்மாவோடு சேர்த்து. அது பொய்ங்க, செய்யாதீங்க என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நம்பினார்களா தெரியாது.

இரண்டு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கும் நாளில் நானும் போனேன். பெஞ்சில் காத்திருக்கும்போது அக்காவிடம் சொல்லிவிட்டேன். பெரியம்மாவை நான்தான் எழுதினேன் என்று.

அவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு, "இதை நான் ஏண்டி நம்ம அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் செஞ்சேன்னுதான் நெனைக்கிறேன். அவங்க மொளகா அரைச்சுத் தடவுன மாதிரின்னு பேசுவாங்களே, அதே பேச்சு. அதனாலதான் நம்பிட்டேன்" என்றாள்.

"மன்னிச்சுக்கக்கா."

"மன்னிக்கிறது இருக்கட்டும். விரலு இருக்கட்டும் மொதல்ல."

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸம்மா கட்டை நனைத்து நனைத்துப் பிரித்தார்கள். அக்காவால் குனிந்து அடிப்பாதத்தைப் பார்க்க முடியாது. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"பரவால்லக்கா."

"பரவால்லைன்னா? எத்தனை, எவ்வளவு, என்ன கலரு. ஒழுங்காச் சொல்லு."

குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். "சுண்டுவிரலுக்குக் கீழ ஒரு ரூபாக் காசு அளவு புண்ணு. நடுவுல செவப்பு. ஓரத்துல புதுத் தோலு, ரோஸா வருது. கறுப்பு இல்ல. நகத்துக்கிட்ட மட்டும் கடுகளவு மஞ்சளா இருக்கு, அது என்னன்னு எனக்குத் தெரியல."

"அது மருந்து" என்றார்கள் நர்ஸம்மா. "விரலு நிக்கும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவை பாத்துச் சொல்லு" என்றாள். மறுபடியும் குனிந்தேன்.