வராத இரண்டு மூலக்கூறுகள்

அம்மா இறந்த ஆண்டில்தான் முதுகலை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். லேப் வேலை முன்பே முடிந்திருந்தது. மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவேன். அப்பா எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வரும்போதும் நான் அதே பக்கத்தில்தான் இருப்பேன்.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்பார்.

"இன்னும் இல்லப்பா."

அதற்கு மேல் அவர் கேட்கமாட்டார். அழுகையும் வரவில்லை, பதற்றமும் வரவில்லை. கைகள் தட்டச்சு செய்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

என் ஆய்வு எளிமையானது. குயினோலின் என்ற வளையத்தில் ஒரு புரோமின் அணு இருக்கும். அந்த இடத்தில், பல்லேடியத்தின் உதவியோடு, வெவ்வேறு போரானிக் அமிலங்களிலிருந்து வரும் இன்னொரு வளையத்தை இணைக்க வேண்டும். பன்னிரண்டு சேர்மங்களுக்கு முயன்றேன். பத்து நன்றாக வந்தன. இரண்டு வரவில்லை. ஒன்றில் இணையும் இடத்தின் இருபுறமும் மீத்தைல் குழுக்கள், மற்றொன்றில் இருபுறமும் புளோரின். இரண்டிலும் நான் போட்ட புரோமைடில் பெரும்பகுதி அப்படியே திரும்பக் கிடைத்தது.

முடிவுரையில் இப்படி எழுதியிருந்தேன்: 'இட நெருக்கடியால் இவ்விரண்டு வினைகளும் நடைபெறவில்லை.' வரம்புகள் பகுதிக்கு இரண்டு வரி. எதிர்கால ஆய்வுக்கு ஒரு பத்தி: புற்றுநோய்க்கு எதிராகச் சோதிக்கலாம், பெரிய அளவில் தயாரிக்கலாம், வேறு வினையூக்கிகளை முயலலாம். எல்லா ஆய்வேடுகளிலும் இருப்பதுதான்.

மேற்பார்வையாளர் அத்தியாயத்தை என் லேப் தங்கைக்கு அனுப்பச் சொன்னார். ஈஜோக்கைச் சேர்ந்த பெண். என் வேலையை அடுத்துத் தொடரப்போகிறவள். வார இறுதியில் கோலா சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். தாள்களை அச்சிட்டு எடுத்து வந்திருந்தாள். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வருவதற்குள் எதிர்கால ஆய்வுப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

"அக்கா, இதுல நான் மொதல்ல எத செய்யணும்?"

"எதையாவது எடுத்துக்கோ."

"புற்றுநோய் சோதனைக்கு நம்ம டிபார்ட்மெண்ட்ல செல் லேப்பே இல்லையே."

அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள்.

"இந்த ரெண்டும் வரலன்னு போட்டுருக்கீங்க. மீத்தைல் சரி, எடத்த அடைக்கும். புளோரின் சின்னதுதானேக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கே."

"இருந்தாலும் அவ்வளவு சின்னது. அந்த போரானிக் அமிலம் வினைக்கு முன்னாடியே ஒடஞ்சிருக்கலாம் லா. போரான் கழண்டு, அந்த எடத்துல ஹைட்ரஜன் ஏறியிருக்கும்."

"அப்படி ஒடஞ்சா டைபுளோரோபென்சீன் வந்திருக்கணும். என்எம்ஆர் சோதனைல ஒன்னும் தெரியல."

"ரோட்டாவேப்ல கரைப்பான எடுத்ததுக்கு அப்புறந்தானே என்எம்ஆர் எடுத்தீங்க? அதுவும் கூடவே ஆவியாப் போயிருக்கும்."

அவள் சொன்னது சரி. அது எளிதில் ஆவியாகும் திரவம். காணவில்லை என்பதை வைத்து அது உருவாகவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தோல்விகளை ஒரே வாக்கியத்தில் போட்டு, ஒரே காரணத்தைச் சொல்லி முடித்திருந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. தட்டில் மீ கோரிங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப என்ன எழுதறது?" என்று கேட்டேன்.

"தெரியலன்னு எழுதுங்க. ஆனா எப்படித் தெரிஞ்சுக்கலாம்னும் எழுதுங்க. நான் செய்யறேன்."

அந்த மேசையிலேயே இருவருமாகப் பேசி வழியைக் கண்டோம். இணையும் பக்கங்களை மாற்றிவிட வேண்டும். போரானைக் குயினோலினில் வைத்து, புரோமினைப் புளோரின் வளையத்தில் வைக்க வேண்டும். விளைபொருள் வந்தால் பழைய போரானிக் அமிலம் உடைந்ததுதான் சிக்கல். மீத்தைல் வளையத்துக்கும் அதையே செய்து ஒப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். வந்த பத்தையும் குறைக்காமல் சொன்னேன். வராத இரண்டைப் பற்றி 'இட நெருக்கடியோடு பொருந்துகிறது; ஆனால் போரானிக் அமிலம் சிதைந்திருக்கும் வாய்ப்பை இந்த ஆய்வு விலக்கவில்லை' என்று மாற்றினேன். வரம்புகள் ஒரு முழுப் பக்கமாயின. ஒவ்வொரு வினையையும் ஒரே வெப்பநிலையில், ஒரே காரத்தோடு மட்டுமே செய்திருந்தேன். அதையும் சேர்த்தேன். புற்றுநோய் வரியை எடுத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தி அனுப்பினார். ஆய்வேட்டை ஒப்படைத்த அன்று அப்பா, "அம்மா படத்துக்கு முன்னால வையி," என்றார். வைத்தேன். பிறகு அவர் சட்டையை மாற்றப் போனார்.

இப்போது ரவாங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு மதிய இடைவேளையில் லேப் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. பக்கம் மாற்றியதும் புளோரின் சேர்மம் நன்றாக வந்திருந்தது. மீத்தைல் சேர்மம் அப்போதும் கொஞ்சம்தான். நான் முதலில் எழுதியதில் பாதி சரி, பாதி தவறு.

'நல்லது,' என்று பதில் அனுப்பினேன். மேலும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வரிசையில் பெயிண்ட் மாதிரிகள் காத்திருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டேன்.