விலை ஏறுமுன் வந்த கடைசி ஆர்டர்

சோப்பு மொத்த வியாபாரக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் வேலை அவருக்கு. கடைக்காரர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சோப்புத் தம்பி’தான். தலை பாதி நரைத்த பிறகும் தம்பி தம்பியாகவே இருந்தார். "உங்களுக்கு என்னங்க, சோப்புப் போடுறதுதானே பொழைப்பே" என்று கேலி செய்தால், தானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அவரும் ஒரு காலத்தில் கடைக்காரராக இருந்தவர்தான். ஒரு விடுதிக்கு வருஷம் முழுக்கத் துணி சோப்பு தருவதாக ஒரே விலை பேசி ஒப்புக்கொண்டார். மறு மாதமே மொத்தக் கடையில் விலை எகிறியது. முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. பில்லைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கைக்காசைப் போட்டுப் போட்டு, கடைசியில் கடையே கையை விட்டுப் போனது. அதனால்தான் இந்த முறை விலை ஏற்றப்போவதாக முதலாளி சொன்னதும் அவர் எழுந்து நின்றார்.

"ஏத்துங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க. அவங்களும் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்திருப்பாங்க."

முதலாளி கால்குலேட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, எழுதிக் கொண்டா" என்றார்.

கடிதம் ஒரே பக்கத்தில் அடங்கியது. பதினாறாம் தேதி முதல் புதிய விலை. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்தோடு வந்து சேரும் ஆர்டருக்கு மட்டும், கையிருப்பு உள்ளவரை, பழைய விலை. அதுவும் அந்தந்தக் கடை கடந்த மூன்று மாதமாக வாங்கிவந்த சராசரி அளவுக்கு மேல் கிடையாது. இருபத்தைந்தாம் தேதிக்குள் சரக்கை எடுக்காவிட்டால், மீதிக்குப் புதிய விலையில்தான் பில். வாயால் சொன்ன ஆர்டர் செல்லாது.

மாதம் பிறந்ததும் கடை கடையாகப் போய்க் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் கடிதத்தோடு அவரையும் சேர்த்துத் திட்டினார்கள். ஆனாலும் அநேகமாக எல்லோரும் கெடுவுக்குள் ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு கடை மட்டும் பாக்கி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் மளிகைக் கடை. போகும்போதெல்லாம் ஷட்டர் இறங்கியிருந்தது. கடிதத்தை அடியில் தள்ளிவிட்டு வந்தார். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

பதினைந்தாம் தேதி மத்தியானம் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனார். ஷட்டர் அப்படியே இருந்தது. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"தெரியாதா உங்களுக்கு? அந்தம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. உள்ளயே சீழ் வெச்சிடுச்சாம். பெரியாஸ்பத்திரில ஆப்பரேஷன். அவரும் அங்கயே கெடக்காரு."

சோப்புத் தம்பிக்குப் பகீரென்றது. அந்த அம்மாளை அவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். கடையை இழந்து இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில், எல்லாரும் "நாளைக்கு வாங்க" என்று விரட்டிவிட, முதல் ஆர்டர் கொடுத்தது அந்த அண்ணிதான். உடனே வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒரே இழுபறி. நோயாளி படுக்கையருகே நின்று சோப்பு விலையைப் பேசுவதா? பேசாமல் வந்துவிட்டால், எழுந்து வந்ததும் அவர்கள் தலையில் இடி விழும்.

வார்டு வாசல் பெஞ்சில் பல நாள் தாடியோடு அண்ணியின் வீட்டுக்காரரான அண்ணன் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, பாக்கிக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? இன்னும் ஒரு வாரம்..."

"அய்யோ அண்ணே, அதுக்கு இல்ல. அண்ணி எப்படி இருக்காங்க?"

"கண்டம் தாண்டியாச்சு. நேத்துத்தான் சாதாரண வார்டுக்கு மாத்தினாங்க. கஞ்சி குடிக்கிறா. என்னைத் திட்டவும் ஆரம்பிச்சுட்டா." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கி, வாய் சிரித்தது.

சோப்புத் தம்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகுதான் தயங்கித் தயங்கிக் கடித விவரத்தைச் சொன்னார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

"அய்யய்யோ! லாட்ஜுக்காரங்ககிட்ட இந்த மாசம் பூரா பழைய விலைக்கே தர்றேன்னு ஒத்துக்கிட்டேனே! எழுதுங்க தம்பி. நூறு பெட்டி போடுங்க. எரநூறே போடுங்க!"

"சராசரிக்கு மேல தர மாட்டாங்கண்ணே. நீங்க மாசம் எவ்வளவு எடுப்பீங்க?"

அண்ணன் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் உட்காருவது மட்டும்தான் அவர் வேலை. சரக்குக் கணக்கெல்லாம் அண்ணியின் கையில். இருவரும் உள்ளே போனார்கள்.

அண்ணி பாதியாக இளைத்திருந்தார். ஆனால் பார்வை பழைய பார்வைதான்.

"வெலை ஏறுதாக்கும்?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "உங்க மூஞ்சியே சொல்லுதே. எப்போலேருந்து?"

"நாளையிலேருந்து அண்ணி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆர்டர் போனா பழைய வெலை, அதுவும் மாசச் சராசரிக்குத்தான். இருபத்தஞ்சுக்குள்ள சரக்கையும் எடுத்துடணும். உங்களைத் தொந்தரவு பண்றதுக்கே சங்கடமா இருக்கு."

"சொல்லாம போயிருந்தாத்தான் சங்கடம். எழுதுங்க. துணி சோப்பு பதினெட்டுப் பெட்டி, குளிக்கிறது ஏழு, தூள் அஞ்சு மூட்டை."

"இன்னும் கொஞ்சம் கூடப் போடேன்டி" என்று அண்ணன் முனகினார்.

"போட்டு எங்க வைக்கிறது? உங்க தலையிலயா? இருபத்தஞ்சுக்குள்ள எடுத்தாகணும்னு சொல்றாரே, காதுல விழலையா?"

பக்கத்துப் படுக்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் வந்து, "இங்க என்ன சந்தைக்கடையா?" என்று அதட்டிவிட்டுப் போனார். அண்ணன் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். சோப்புத் தம்பி அதைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். உள்ளே சிக்னல் இல்லை. படியிறங்கி வாசலுக்கு ஓடிவந்த பிறகுதான் போனது. மணி ஐந்தாகச் சில நிமிஷம் இருந்தது.

பதில் வரவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பியிருப்பார்களோ, கையிருப்பு தீர்ந்திருக்குமோ என்று போனையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பொறுக்கமாட்டாமல் முதலாளிக்கே போன் போட்டார்.

"வந்துடுச்சுய்யா, வந்துடுச்சு. இதான் கடைசி ஆர்டர். சராசரிக்குச் சரியா இருக்கு, ஒரு பெட்டி கூடக் கொறச்சல் இல்ல. எல்லாம் பழைய வெலைதான். துணி சோப்பு மட்டும் ரெண்டு பெட்டி பத்தல, கையிருப்பு அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு புது வெலையிலயா?"

"ஆமா. வேணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு." சற்று நிறுத்திவிட்டு முதலாளி கேட்டார்: "அந்தம்மாவுக்கு உடம்பு தேவலையா?"

"என்னைய விட நல்லாப் பேசுறாங்க."

மேலே போய்ச் சொன்னபோது, "பதினாறு போதும், சமாளிச்சுக்கலாம்" என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் நீளமாக மூச்சுவிட்டார். அப்போதுதான் நினைவு வந்தவராக, "நீங்க சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். காலையிலிருந்து இரண்டு பேருமே சாப்பிடவில்லை என்பது தெரியவந்தது.

கேன்டீனில் மிச்சம் இருந்தது ஆறிப்போன சப்பாத்தியும் தண்ணீர்போன்ற பருப்பும்தான். அண்ணன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். லாட்ஜுக்காரனைப் பற்றியும், கடையில் எலி புகுந்திருக்குமோ என்பது பற்றியும், மகள் வீட்டிலிருந்து வரவேண்டிய சம்பந்தியைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். சோப்புத் தம்பி காலை நீட்டி உட்கார்ந்து, எதற்கும் அவசரப்படாமல், "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே பருப்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.