பெஞ்சில் போட்ட நூற்று நாற்பது மணி

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக ப்ராஜெக்ட் கணக்குப் பார்ப்பவள் அவள். அவள் பார்த்த ஒரு ப்ராஜெக்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தொகை முன்பே பேசி முடித்தது. கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணியும் லாபத்தைத்தான் தின்னும்.

"டெஸ்டரோட நூத்தி நாப்பது மணிய பெஞ்ச்ல போட்டுடுங்க மேடம். லாபம் கொஞ்சம் மூச்சு விடட்டும்," என்றார் மேனேஜர்.

பெஞ்ச் என்றால் வேலையின்றிச் சும்மா இருந்த நேரம்; அதன் செலவு ப்ராஜெக்ட் கணக்கில் ஏறாது. மென்பொருளைச் சோதித்துப் பார்த்த அந்த டெஸ்டரின் வேலைநேரப் பதிவை, டைம்ஷீட்டை, அவள் மாற்றினாள்.

இரண்டு மாதம் கழித்து ஆட்குறைப்புப் பட்டியல் சரிபார்க்க அவளிடம் வந்தது. சும்மா இருந்தவர்கள் வரிசையில் அந்த டெஸ்டர்தான் முதலில்.

மாற்றியது தான்தான் என்று நிதித் தலைவருக்கு எழுதிவிட்டு, மணிகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். ப்ராஜெக்ட் நஷ்டத்தில் விழுந்தது. பட்டியலிலிருந்து டெஸ்டரின் பெயர் நீங்கியது.

மறுநாள் லிஃப்டில் டெஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, யாரோ என் டைம்ஷீட்ல கை வச்சிருக்காங்க. நீங்கதான் சரி பண்ணீங்களாமே? உங்கள தலையில தூக்கி வச்சு ஆடணும்!"

"கை வச்சதும் நான்தாம்மா."

டெஸ்டர் கையை விட்டாள். "பட்டியல் உங்ககிட்ட வராம இருந்திருந்தா?"