பை வாரை எடுத்த சட்டை

சாயல்குடியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பது நான்தான் என்று சொன்னாலும் நம்புவதில்லை. சிக்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா மட்டும் கேட்டதுமே, "ரொம்ப நல்லதாப் போச்சு தாயி, பொம்பளைட்டன்னா மனசு விட்டுச் சொல்லலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மிளகாய் பறித்த கை. போனை முந்தானையால் பிடித்துத்தான் நீட்டினார். "கையி எரியும், நீயே தள்ளிப் பாரு."

போனில் அவர் மகன் சிரித்துக்கொண்டு நின்றான். மதுரையில் கொரியரில் வேலை. தீபாவளிக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்று கூட்டாளி எடுத்த படமாம். வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு நெஞ்சின் குறுக்கே அகலமான கறுப்பு வார். பார்சல் பை இடுப்புக்குக் கீழே, படத்தில் விழவில்லை.

"இந்த வாரை எடுத்துரு தாயி. சாதகத்தோட குடுக்கணும். பை தூக்கி வீடு வீடாப் போறவனான்னு கேட்டுட்டே போயிர்றாக. தரகர்ட்ட கம்பெனி வேலைன்னு சொல்லிருக்கேன்."

கொரியரும் கம்பெனிதானே என்று நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே ஒட்டவில்லை. வேறு படம் இல்லையா என்று கேட்டதற்கு, "ஸ்டுடியோவுல நிப்பாட்டுனா போலீஸ் புடிச்சிட்டு வந்தவன் மாதிரி நிப்பான். இதுலதான் என் புள்ளை சிரிக்கிறான்" என்றார். உண்மைதான். அப்படி ஒரு சிரிப்பு எல்லாப் படத்திலும் விழாது.

வாரை எடுப்பது பெரிய வேலை இல்லை. எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் வேலை. இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே நிரப்பிக் கொடுக்கிறது. ஆசைக்கு அழுத்திப் பார்த்தேன். சட்டையில் இல்லாத அளவில் கட்டங்களைப் போட்டு, நடுவில் அரை டை ஒன்றும் தொங்கவிட்டது. போடா என்று அழித்துவிட்டுக் கையாலேயே ஆரம்பித்தேன்.

வெற்றுச் சட்டை என்றால் பக்கத்துத் துணியை எடுத்து ஒட்டிவிடலாம். கட்டம் அப்படி விடாது. வார் சாய்வாகப் போவதால் அதன் மேல் ஓரத்தில் மறைகிற நீலக்கோடு கீழ் ஓரத்தில் நேராக வெளியே வர வேண்டும். வராது. ஏனென்றால் வார் துணியை அழுத்தி இழுத்திருக்கும். முதலில் இரண்டு ஓரத்திலும் துணியை மெல்ல நகர்த்திச் சுருக்கத்தைத் தளர்த்த வேண்டும். பிறகு கோடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். வாருக்கு அடியில் ஒரு பித்தான் ஒளிந்திருந்தது. மேல் பித்தானுக்கும் கீழ்ப் பித்தானுக்கும் நடு இடம் பார்த்து வைத்தேன். பையின் கீழ் மூலை மறைந்திருந்தது, அதாவது சட்டைப் பையின் மூலை. எதிர் மூலையைத் திருப்பிப் போட்டேன். எல்லாம் முடிந்தது என்று தள்ளி நின்று பார்த்தால் நெஞ்சில் ஆவி மாதிரி வார் இன்னும் கிடக்கிறது. அதன் நிழலை நான் எடுக்கவில்லை. அதையும் எடுத்தேன்.

என்னிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சாதகத்துக்குப் போகிற படத்தில் துணியைத் தொடுவேன், உடம்பைத் தொட மாட்டேன். நிறத்தைக் கூட்டச் சொல்வார்கள், மூக்கைச் சின்னதாக்கச் சொல்வார்கள். நாளைக்கு நேரில் பார்க்கிறவர்கள் யாரைத் திட்டுவார்கள்? அதனால் துணியோடு நிறுத்திக்கொண்டு பிரிண்ட் போட்டு, பின்னால் எங்கள் ஸ்டுடியோ முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையாவே ஆயிட்டான்" என்று வெட்கப்பட்டார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெரியவர் அந்தப் படத்தோடு வந்தார், கூடவே மகளும். கடலாடிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி. படத்தை மேசையில் வைத்து முத்திரையைக் காட்டினார். "ஏம்மா, இது இங்கன எடுத்ததா? சுத்தி வளைக்காமக் கேக்குறேன். இந்தப் பையனுக்குத் தோள்ல ஏதும் ஊனமா?"

அப்போதுதான் பார்த்தேன். வலது தோள் இறங்கி இருந்தது. காலர் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. ஆள் முழுவதுமாக வலப்பக்கம் சாய்ந்து நின்றான். இடது இடுப்பில் பாரம் தொங்கினால் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்துதான் அதைத் தாங்கும். வார் இருந்தவரை அது கண்ணிலேயே படவில்லை. வாரை நான் எடுத்துவிட்டேன், சாய்வு தனியாக நின்றது.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் பையனைப் புடிச்சிருக்கு. இது மட்டுந்தான் இடிக்குது" என்றார் பெரியவர். "வேண்டாம்னுட்டுப் போயிரலாம்னேன். இவதான் கேட்டுட்டுப் போவோம்னா." மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்வது? ஊனம் இல்லை என்று சொன்னால் ஏன் சாய்ந்திருக்கிறான் என்பார். பையைச் சொன்னால் கம்பெனி வேலை வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் அந்த அம்மாவின் வயிற்றில்தான் அடி. ஒரு நிமிஷம் என்று வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன். வயலில் இருந்தார், காற்று இரைந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"பழைய படத்தையே காட்டிரு தாயி," என்றார். "போனாப் போகட்டும். என் புள்ளைய ஊனம்னு மட்டும் சொல்லிறக் கூடாது." குரல் உடைந்துவிட்டது.

உள்ளே வந்து கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். நான் செய்த துணி எல்லாம் மூலப் படத்துக்கு மேலே விரித்த தாள் மாதிரி தனி லேயராக இருக்கும். அதன் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை மவுஸால் ஒரு தட்டுத் தட்டினால் மறைந்துவிடும். தட்டினேன். வார் வந்து நெஞ்சில் விழுந்தது. சாய்வு சாய்வாகவே தெரியவில்லை. பாரம் சுமக்கிற ஒரு பையன் நிமிர்ந்து நின்றான்.

"கொரியர்ல வேலை. பார்சல் பை. அவங்க அம்மா எடுக்கச் சொன்னாங்க, நான்தான் எடுத்தேன்" என்றேன்.

பெரியவர் முகம் இறுகியது. "அப்ப கம்பெனின்னு சொன்னது?"

அந்தப் பெண் திரைக்குக் கிட்டே வந்தாள். "அக்கா, இன்னொரு தடவ மறைங்க." மறைத்தேன். "இப்பக் காட்டுங்க." காட்டினேன். மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"இம்புட்டுக் கனத்தத் தொங்கவிட்டுக்கிட்டுத்தான் அய்யா இப்படிச் சிரிக்கிறாக."

பெரியவர் மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பொய் சொன்னது தப்புத்தான். அதைச் சம்பந்திகிட்ட நேர்ல கேட்டுக்கிறேன்" என்றவர், சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்று உணர்ந்தவர்போலச் செருமினார். "பை வாரோடயே ஒரு படம் போட்டுக் குடும்மா. வீட்டுல காட்டணும்."

பிரிண்ட் ஓடும்போதே அந்த அம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்ன சொன்னாக தாயி? போயிட்டாகளா?"

"போகல. பை வாரோட உள்ள படத்தக் கேட்டு வாங்குறாங்க."

அந்த அம்மா, மிளகாய்க் கையென்றும் பாராமல் கண்ணைத் துடைத்திருக்க வேண்டும். "அய்யோ, எரியுதே தாயி, எரியுதே" என்று அழுதுகொண்டே சிரித்தார்.